சூரியன் வரைந்த மீசை

வடிவேலுவுக்கு மீசை வரைந்தவன் நான்தான் என்று சிங்கப்பூர் தேக்காவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேசையில் எவனாவது ஒருத்தன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து இழுத்துக் காட்டிச் சிரிப்பான். பத்து வருஷம் ஆகப்போகிறது, இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள்.

நான் மீசை வரையவில்லை. எனக்கு வரையவே தெரியாது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கிறவன் நான். ஸ்கிரீன் பிரிண்டிங் என்பார்கள். அந்த மீசையைப் போட்டது பிடோக் கடற்கரையில் அடித்த உச்சி வெயில். இதை ஊருக்கு ஒரு வார்த்தையில் சொல்லி என் பெயரைக் காப்பாற்றியிருக்கக் கூடியவர் ஒரே ஆள்தான். பிரிஜட் அக்கா. அவர் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இருந்தாலும் அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்த மீசையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பிரிஜட் அக்கா சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தார். கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் எண்ணெய் வழியும் நெற்றியை அடக்குவது, இந்த மாதிரி. கான்வென்ட்டில் ஆறாவது வரைக்கும் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "எந்த மூஞ்சியப் பாத்தாலும் திருத்தணும்னு தோணுதே, எவன்டி சம்மதிப்பான்?" என்றாராம்.

உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டார். வேலை நேரத்தில் மட்டும் கண்ணாடிப் பலகைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருப்பார். எழுந்தால் கால் தரிக்காது. காப்பியை நின்றுகொண்டே குடிப்பார். பஸ்ஸில் எதிரே இருக்கும் ஆளின் மூஞ்சியில் வெயில் எங்கே விழுகிறது என்று முறைத்துப் பார்ப்பார். ஒரு தடவை ஒரு சீனக் கிழவரிடம் தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்ட, அவர் பயந்துபோய் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் அதே கதைதான். பக்கத்தில் உட்கார்ந்த அந்தோனியம்மாள், "பிரிஜட், பீடத்தப் பாரு. என் மூக்கப் பாக்காத" என்று முழங்கையால் இடிப்பாள்.

எனக்கும் அவருக்கும் தொழில்தான் உறவு. சங்கம், பந்து விளையாட்டுக் குழு, நாடகக்காரர்கள், கோயில் திருவிழா என்று எல்லாரும் என்னிடம் பேனரும் சட்டையும் அடிக்க வருவார்கள். சிலர் மூஞ்சி போடச் சொல்வார்கள். மூஞ்சிதான் என் தொழிலில் தலைவலி. போட்டோவில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரைக்கும் ஆயிரம் சாம்பல் இருக்கும். என் ஸ்கிரீனுக்குச் சாம்பல் தெரியாது. மை விழும், இல்லையென்றால் விழாது. அதனால் போட்டோவை முதலில் ஒரு தனி ஃபிலிமில் எடுப்போம். அந்த ஃபிலிம் முரட்டு ஃபிலிம். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால் முழுக் கறுப்பாக்கும். பாதிக்குக் கீழே இருந்தால் முழு வெள்ளையாக்கும். நடுவில் ஒன்றுமில்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த போட்டோவாக இருந்தால் கண், மூக்கு, வாய், தாடைக்கோடு எல்லாம் வெட்டி வைத்தாற்போல் அழகாக வரும். வெயிலில் நிற்க வைத்து எடுத்ததாக இருந்தால் கண்குழி இரண்டும் ஓட்டை, மூக்கு நிழலும் உதடும் ஒரே அப்பல்.

ஆகவே மூஞ்சி வேலை எது வந்தாலும் முதலில் அக்காவிடம் போகும். நிழலைத் தணித்துக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் நான் ஃபிலிமில் கைவைப்பேன். "வெயில இறக்கிட்டேன், இப்ப நீ ஏத்திக்க" என்று கவரை என் மேசையில் போட்டுவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் ரோட்டைத் தாண்டியிருப்பார்.

எழுபத்தொன்பது ஜூலையில், அக்கா மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாவுக்குப் போயிருந்த சமயத்தில், மருதப்பன் என் கடைக்குள் நுழைந்தான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். தோ பாயோவில் வீடு. அவன் அப்பா வடிவேலு முந்தின நாள் காலையில் பேப்பர் வாங்கக் கீழே இறங்கியவர் திரும்பவில்லை. அவருக்குக் கொஞ்ச காலமாகவே ஞாபகம் தடுமாறிக்கொண்டிருந்தது. அடையாள அட்டை வீட்டிலேயே கிடந்தது. போலீசில் சொல்லியாகிவிட்டது, ஆஸ்பத்திரிகளில் தேடியாகிவிட்டது. முன்பு அவர்கள் குடியிருந்த கம்பம், அந்தப் பழைய கிராமம், இருந்த பிடோக் பக்கமும் போய்ப் பார்த்தார்கள். அங்கே இப்போது அடுக்குமாடிகள், எங்கே என்று தேடுவது?

பின்னாலேயே அவன் அம்மா மங்களம் வந்து நின்றார். கையில் ஒரு போட்டோ. கறுப்பு வெள்ளை. மருதப்பனின் கூட்டாளி ஒருவன் பிடோக் கடற்கரையில் மத்தியானத்தில் எடுத்தது. அடையாள அட்டைப் படமோ இருபது வருஷம் பழசு, தலை நிறைய முடி. இப்போதைய முகத்துக்கு இதை விட்டால் வேறு இல்லை.

"பெரிசா அடிங்கண்ணே. காப்பிக்கடை, மார்க்கெட், எல்லா இடத்துலயும் கேட்டு ஒட்டுறேன். தூரத்துலேர்ந்து பாத்தாலே தெரியணும்" என்றான்.

நான் போட்டோவைப் பார்த்தேன். வெயில் நேர் தலைக்கு மேலே. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. மூக்கின் நிழல் மேலுதட்டில் பட்டையாக விழுந்திருந்தது. இடது கன்னம் முழுக்க இருட்டு.

"இது டச்சிங் பண்ணாம சரியா வராது மருதப்பா. அக்கா வந்துரட்டும்."

"அக்கா எப்ப வருவாங்க?"

"திருவிழா முடிஞ்சு."

"எங்கப்பா ரோட்டுல நிக்கிறாரு. அக்கா வர்ற வரைக்கும் அங்கேயே நிப்பாரா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அன்றைக்கே ஃபிலிம் எடுத்தேன், ஸ்கிரீன் கட்டினேன், அடித்தேன். ஈரம் காயாத முதல் தாளை மங்களம் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"என்னய்யா, மீசை வச்ச மாதிரி இருக்கு? அவரு மீசைய எடுத்து எவ்ளோ வருஷமாச்சு."

"நிழல்மா அது. பாத்தா தெரியாதா?" என்றான் மருதப்பன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னான். மங்களம் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அவருக்கு நிழல் என்று தெரிந்தது. எங்களுக்கும் தெரிந்தது. முகம் தெரிந்தவனுக்கு நிழல் நிழலாகத் தெரியும். தெரியாதவனுக்கு அது மீசை. அப்போது அந்த அவசரத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இன்னும் காலில் ஓர் உளைச்சல் இருக்கிறது. போஸ்டரில் மருதப்பன் வீட்டு போன் நம்பர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்னிடம் ஒரு பழைய வேன் இருந்ததால் நானும் ஓடினேன். ஜூரோங்கில் பார்த்தோம் என்றார்கள், போனோம். கேலாங்கில் ஒருவர் கோயில் வாசலில் படுத்திருக்கிறார் என்றார்கள், போனோம். போகிற வழியெல்லாம் மங்களம் வேன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நடைபாதையைப் பார்த்தபடியே வருவார். சிவப்பு விளக்கில் நின்றால் "ஏன் நிக்குது, ஏன் நிக்குது" என்பார். மருதப்பன் சுருட்டி வைத்த போஸ்டரைத் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பான். போய்ப் பார்த்தால் எங்கேயும் வேறு ஆள். நல்ல வயசாளி, நல்ல மீசை.

உட்லண்ட்ஸில் ஒரு கிட்டங்கி வாட்ச்மேன் எங்களைப் பிடித்துத் திட்டினார். "நேத்து ஒருத்தன் வந்து வீட்டுக்கு வான்னு கையப் புடிக்கிறான். இன்னிக்கி நீங்க. எனக்கு வீடு இருக்குய்யா, பொண்டாட்டி இருக்கா, அவளே என்னத் தேடல."

மருதப்பன் அன்றைக்கு வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். மங்களம், "அவருக்குச் சக்கரை மாத்திரை இருக்கு. சாப்பிடாம இருந்தா மயக்கம் வரும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அதை அவர் பல தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

பிரிஜட் அக்கா திருவிழாவிலிருந்து திரும்பி வந்த அன்று, பையை வீட்டில் வைக்கக்கூட இல்லை. தோளில் மாட்டியபடி என் கடைக்குள் வந்தார். கையில் எங்கள் போஸ்டர். மார்க்கெட்டில் ஒட்டியிருந்ததை மூலை கிழியப் பிய்த்து எடுத்து வந்திருந்தார்.

"தங்கராஜு, இவருக்கு மீசை இருக்கா?"

"இல்லக்கா. அது நிழல்."

"இத ஒட்டி எத்தன நாளாச்சு?"

சொன்னேன்.

"எத்தன மீசைக்காரன் கெடைச்சான்?"

மருதப்பன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். அவனுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. வந்த போன் எல்லாம், போன இடம் எல்லாம்.

அக்காவும் அதைப் பார்த்துவிட்டார். குரலை இறக்கிக்கொண்டார். "சரி, விடு. நெகட்டிவ் எங்க?"

"போட்டோ இருக்கு ஆன்ட்டி."

"போட்டோல ஒண்ணும் இல்ல தம்பி, கறுப்பா அடைச்சுப்போச்சு. நெகட்டிவ்ல இருட்டுக்குள்ளயும் ஏதாவது இருக்கும். எடுத்தவன் யாரு? போய் வாங்கிட்டு வா, ஓடு."

தஞ்சோங் பகாரில் இருந்த கூட்டாளி வீட்டுக்கு அவனை வேனில் கூட்டிப்போய், கூட்டாளியின் மனைவி அலமாரியைக் கவிழ்த்துத் தேடி, கடைசியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்கு அடியில் கிடைத்தது. நாங்கள் வரும்வரை அக்கா ஸ்டுடியோ வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தாராம். முதலாளி, "நீ திருவிழாவுக்குப் போனியா, நடைப் போட்டிக்குப் போனியா?" என்று கேட்டாராம்.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெயில் பட்ட நெற்றி கறுப்பாக இருக்கும். நிழல் விழுந்த இடம் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தக் கண்ணாடிக்குள் புகைபோல மெல்லிய கோடுகள் தெரிந்தன. கண் இமை, உதட்டின் விளிம்பு. போட்டோ அடித்தவன் அதையெல்லாம் இருட்டில் மூழ்கடித்துவிட்டான்.

இருட்டறையில் முகத்தைப் பெரிதாக்கி, முரடில்லாத மென்மையான பேப்பரில் அடித்தார். அடிக்கும்போது கம்பி முனையில் ஒட்டிய ஒரு துண்டு அட்டையை நிழல் இடத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டே இருந்தார். அட்டை மறைத்த இடத்தில் பேப்பருக்கு வெளிச்சம் குறையும். அந்த இடம் வெளுத்து வரும். ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் அட்டையின் ஓரம் கோடாக விழுந்துவிடும். அதனால் கை நிற்கக் கூடாது. கால் தரிக்காத ஆளுக்கு ஏற்ற வேலைதான்.

அந்தப் பிரிண்டை ஸ்டுடியோவின் பெரிய கேமராவில் திரும்பவும் எடுத்து, தபால் அட்டை அளவில் புது நெகட்டிவ் செய்தார். அதைக் கண்ணாடிப் பலகையில் போட்டு, நுனி ஊசியாக இருக்கும் பிரஷ்ஷில் சிவப்புச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து நிழல் இடங்களில் தடவினார். ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. சிவப்பு ஒளி அந்தப் பேப்பரில் பதியாது. சாயம் ஏற ஏற நெகட்டிவில் அந்த இடம் அடர்த்தியாகும், பிரிண்டில் நிழல் வெளுக்கும். மூக்குக்குக் கீழே இருந்த பட்டை மெல்லக் கரைந்தது. கண்குழிக்குள் கண் வந்தது.

மருதப்பன் கதவுப் பக்கம் நின்று, "முடிஞ்சுதா ஆன்ட்டி?" என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டான். அக்கா காலால் கதவைச் சாத்தினார்.

அடித்த பிரிண்டை மங்களத்திடம் காட்டினோம். பார்க்க எனக்குச் சுத்தமாக இருந்தது. அப்படியே ஃபிலிமில் போடலாம். மங்களம் வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இவரு?"

"என்னம்மா, அப்பாதான்" என்றான் மருதப்பன்.

"நல்லா இருக்காரு. கல்யாணத்தப்ப கூட இப்படி இல்ல. ஆனா இவரு இல்ல."

மருதப்பன் தலையில் கைவைத்தான். "அம்மா, நேரம் போவுது. இதையே அடிங்கண்ணே."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து மங்களத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படித் தானாக உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டேன்மா. வெயில் போட்ட நிழலும் போச்சு, அவரு மூஞ்சில உள்ள நிழலும் போச்சு. எது அவரோடதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க. கண்ணுக்குக் கீழ?"

மங்களம் தன் முகத்தையே தொட்டார். "பை மாதிரி தொங்கும். ரெண்டு பக்கமும்."

"நெத்தி?"

"ஒரு கோடு, ஆழமா."

"மேல் உதடு?"

"ஒண்ணும் இல்ல. வழவழன்னு."

"இந்தக் கன்னம்?" அக்கா தன் இடது கன்னத்தில் விரலை வைத்தார்.

மங்களம் யோசித்தார். தன் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, விரலால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார். "இந்தப் பக்கம் கடவாப்பல்லு ஒண்ணுகூட இல்ல. குழி விழுந்துரும். சிரிச்சா இன்னும் விழும். அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் மட்டுந்தான்."

அக்கா எழுந்து உள்ளே போனார். சாயத்தைத் தண்ணீரில் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை மேலுதட்டை நன்றாகத் தூக்கினார். கண்குழியைப் பாதி தூக்கி, கீழே அந்தப் பையை விட்டார். இடது கன்னத்து இருட்டில் ஓரமெல்லாம் சாயம் தடவி, நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தை மட்டும் தொடாமல் விட்டார். நடுவில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பழைய நெகட்டிவை எடுத்துக் கண்ணருகே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். என்னக்கா என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

பிரிண்ட் வந்ததும் மங்களம் கேட்காமலே அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை வெறும் கறுப்பு மட்டும் அடிக்கவில்லை. ஒரே பிரிண்டிலிருந்து இரண்டு ஃபிலிம். ஒன்றில் கண், இமை, உதட்டுக் கோடு, கன்னக் குழி, ஆக இருட்டான இடங்கள் மட்டும். அது கறுப்பு மைக்கு. இன்னொன்றில் அதோடு லேசான நிழலும் சேர்ந்து வரும். அது காவி மைக்கு. முதலில் காவி, அதன்மேல் கறுப்பு. அப்பல் இல்லை, திட்டு இல்லை, நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் வந்தது. நான் அடித்ததில் சுத்தமான மூஞ்சி அதுதான். இதை எவனும் சொல்லமாட்டான், மீசையைத்தான் சொல்வான்.

அன்றைக்கு ராத்திரி, கடைகள் அடைத்த பிறகு, பழைய போஸ்டர் ஒட்டிய இடமெல்லாம் அதன் மேலேயே புதுசை ஒட்டினோம். அக்காவும் பசை வாளியோடு வந்தார். அடுத்த நாள் மத்தியானம் பிடோக்கிலிருந்து போன். அங்கே உணவங்காடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முகைதீன் பாய்.

"உங்க ஆளு இங்கதாங்க இருக்காரு. ஆனா மொதல்ல ஒட்டுனது இவர் படம் இல்லையே?"

அக்காவும் சேர்ந்து நாலு பேரும் வேனில் ஏறியது, போனது, நிறுத்தியது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. வடிவேலு கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. மங்களம் போய் அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். மருதப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

முகைதீன் பாய் விவரம் சொன்னார். வீடு இங்கேதான் இருந்தது, யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று ஒரு பெரியவர் நின்றிருக்கிறார். பழைய கம்பத்தைத் தேடி வந்தவர். பெயரைக் கேட்டால் ஒரு நேரம் ஒரு பெயர் சொல்வார். சோறு போட்டு, ராத்திரிக்குக் கடைக்குள் படுக்க வைத்திருக்கிறார் பாய். "பாவம், விட்டா எங்கயாவது லாரியில போய் விழுவாரு. போலீஸ்ல சொல்லணும்னு நெனைச்சேன், கடைய விட்டு நகர முடியல." பிறகு தூணைக் காட்டினார். எங்கள் முதல் போஸ்டர் அங்கேதான் இருந்திருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் வடிவேலு தினமும் சாப்பிட்டிருக்கிறார்.

"நான் படத்தையும் பாத்தேன், இவரையும் பாத்தேன். அவருக்கு மீசை, இவருக்கு இல்ல. வேற ஆளுன்னு விட்டுட்டேன். இன்னிக்கிப் புதுசப் பாத்தப்பதான், இந்தக் கன்னத்துக் குழியப் பாத்துத்தான் போன் அடிச்சேன்."

வடிவேலு தலையை நிமிர்த்தித் தூணைப் பார்த்தார். பழைய போஸ்டரின் ஓரம் புதுசுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மீசைக்காரன் கெடைச்சானா?" என்று எங்களைக் கேட்டார். "நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இந்தப் பக்கம் வரல. வீட்டுல தேடுவாங்கல்ல, பாவம்."

முதலில் சிரித்தது பிரிஜட் அக்காதான். சிரித்துவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வடிவேலு அதற்குப் பிறகும் சில வருஷம் வீட்டில் இருந்தார். வாசலில் ஆள் இல்லாமல் விடமாட்டார்கள். அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் எப்படியோ தேக்காவுக்கு வந்துவிட்டது. அதோடு நான் மீசை வரைந்த கதையும் வந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"நடந்தத சொன்னா என்னக்கா? நான் டச்சிங் வேணும்னுதான் சொன்னேன். மருதப்பன்தான் அவசரப்பட்டான். அம்மாகூட மீசைன்னு சொன்னாங்க, அவன்தான் வாய மூட வச்சான்."

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அத ஊருல சொல்லவா?"

"சொல்லுங்க."

"சொன்னா ஒனக்கு நல்ல பேரு வரும். அந்தப் பையன் அப்புறம் அவன் அம்மா மூஞ்சிய எப்படிப் பாப்பான்? ஒனக்கென்ன லா, மீசை நல்லாத்தான் இருந்துச்சு." சிரித்துவிட்டுக் கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் என்ன செய்வது? பிடிவாதமாக இரண்டு மாதம் மூஞ்சி வேலை எதையும் எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன்.

எண்பத்தாறில் அக்காவுக்கு நீரிழிவு கண்ணுக்கு ஏறியது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் புகை. ஸ்டுடியோ வேலையிலிருந்து நின்றுகொண்டார். தங்கை மகள் அருள்ஜோதியின் வீட்டில் இருந்தார். நான் எப்போதாவது பழம் வாங்கிக்கொண்டு போவேன். சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே பேசுவார். சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பார். என் முகத்துக்குக் கிட்டே வந்து, "மெலிஞ்சுட்டியா, இல்ல இங்க வெளிச்சம் பக்கவாட்டுல வருதா?" என்பார்.

கடைசியாக நான் போனபோது அவர் கட்டிலில் இருந்தார். நடக்க முடியவில்லை. ஆனாலும் கை மட்டும் போர்வை மேல் ஓடிக்கொண்டே இருந்தது. அருள்ஜோதியைக் கூப்பிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுக்கச் சொன்னார். அதற்குள் அந்த நெகட்டிவ். பிடோக் கடற்கரை, வடிவேலு, உச்சி வெயில். திருப்பிக் கொடுக்கவே இல்லையாம்.

"எனக்கு அப்ப இருந்து ஒரு நச்சரிப்பு தங்கராஜு. மங்களம் குழின்னு சொன்னதும் நெகட்டிவ எடுத்துப் பாத்தேன்ல, அதுல தெரிஞ்சுதா, தெரியலையான்னு எனக்கே நிச்சயமில்ல. அவங்க சொன்னத வச்சு நானாத்தான் அங்க ஒரு குழிய விட்டேனோன்னு."

"எதுவா இருந்தா என்னக்கா? ஆளு கெடைச்சாருல்ல."

"கெடைச்சாரு. அது வேற." கவரை என் கையில் வைத்து அழுத்தினார். "சன்னல்கிட்ட போ. வெயில் நேரா வேணாம், பக்கத்துல வானம் வெளுத்திருக்கும் பாரு, அங்க புடி. இடது கன்னம். நெகட்டிவ்ல எது இடதுன்னு கொழம்பிக்காத. இருட்டுக்குள்ள குழி இருக்கான்னு பாத்துச் சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. எனக்காக இருக்குன்னு சொல்லாத."